தன்மதிப்பீட்டு அறிக்கையைத் தரப் பகுதிகளின்படி மாற்றி அமைப்பது எப்படி?

ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கும் என் தோழி, கடந்த ஆண்டு தடித்த கோப்பு ஒன்றை என்னிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க டீச்சர், மதிப்பீட்டுக் குழு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். அது அவர்களின் டிப்ளோமா திட்டத்துக்கான தன்மதிப்பீட்டு அறிக்கை. செய்த வேலையில் குறை இல்லை. அடுக்கிய விதத்தில்தான் சிக்கல்.

அறிக்கை கல்லூரிப் பிரிவுகளின்படி எழுதப்பட்டிருந்தது: தேர்வுப் பிரிவு, மாணவர் நலம், நூலகம், மனிதவளம் என்று. ஆனால் மதிப்பீட்டாளர் கையில் இருப்பது எம்.கியூ.ஏ.வின் கோப்பா வழிகாட்டி. 2017-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ஏழு பகுதிகள் உள்ளன: திட்ட உருவாக்கமும் கற்பித்தலும், மாணவர் மதிப்பீடு, மாணவர் சேர்க்கையும் ஆதரவுச் சேவையும், கல்விப் பணியாளர்கள், கல்வி வளங்கள், திட்ட நிர்வாகம், கண்காணிப்பும் தொடர் மேம்பாடும். அவர் ஒவ்வொரு தரக்கூறாக எடுத்து, "இதற்குப் பதில் எங்கே? சான்று எங்கே?" என்று தேடுவார். பதில் நான்கு பிரிவுகளில் சிதறிக் கிடந்தால், அது இல்லாததற்குச் சமம். முதல் பதிப்பில் ஒன்பது பகுதிகள் இருந்தன. அதனால் பழைய அறிக்கையை மாதிரியாக வைத்து எழுதினாலும் இதே குழப்பம் வரும்.

முதல் வேலை: பத்தியைப் பிரிப்பது

தலைப்பை மட்டும் மாற்றினால் போதாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, "இது எந்தக் கேள்விக்குப் பதில்?" எனக் கேட்க வேண்டும். தோழியின் கோப்பில் தேர்வுப் பிரிவு எழுதிய பத்தி இது:

"வினாத்தாள்களைக் குழு ஒன்று சரிபார்க்கிறது. அவை பூட்டிய அலமாரியில் வைக்கப்படுகின்றன. மதிப்பெண்ணில் திருப்தி இல்லாத மாணவர் மேல்முறையீடு செய்யலாம். விரிவுரையாளர்கள் வினா அமைக்கும் பயிற்சிக்குச் சென்றனர். கணக்கியல் பாடத்தில் தோல்வி கூடியதால் பாடத்திட்டம் திருத்தப்பட்டது."

ஐந்து வாக்கியங்கள், நான்கு இடங்கள். வினாத்தாள் சரிபார்ப்பு 2.2-க்கு, அதாவது மதிப்பீட்டு முறைகளுக்குப் போகும். அலமாரியும் மேல்முறையீடும் 2.3-க்கு, மதிப்பீட்டு நிர்வாகத்துக்கு. பயிற்சி நான்காம் பகுதிக்கு. பாடத்திட்டத் திருத்தம் ஏழாம் பகுதிக்கு. பிரித்த பிறகுதான் ஓர் உண்மை தெரிந்தது: மதிப்பீட்டுக்கும் கற்றல் பேறுகளுக்கும் உள்ள தொடர்பைக் கேட்கும் 2.1-க்கு ஒரு வரிகூட இல்லை! பழைய அமைப்பில் அந்த ஓட்டை கண்ணுக்கே படவில்லை.

இரண்டாவது: சான்று அட்டவணை

ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு குறியீடு கொடுங்கள். மேல்முறையீட்டு விதிமுறைக்கு 2.3-01, நிரப்பப்பட்ட மேல்முறையீட்டுப் படிவத்துக்கு 2.3-02 என்று வைத்துக்கொள்ளலாம். அட்டவணையில் குறியீடு, ஆவணத்தின் பெயர், தேதி, பொறுப்பாளர், கோப்பு இருக்கும் இடம், அறிக்கையில் சுட்டப்படும் தரக்கூறு எண் ஆகிய ஆறு நிரல்கள் போதும். பக்க எண்ணை நம்ப வேண்டாம். ஒரு பத்தி கூடினாலே எல்லாம் நகர்ந்துவிடும்.

ஓர் ஆவணம் இரண்டு இடங்களில் தேவைப்பட்டால் நகல் எடுத்துப் புதுக் குறியீடு தராதீர்கள். வினாத்தாள் குழுவின் கூட்டக் குறிப்பு 2.2-03 என்றால், ஏழாம் பகுதியிலும் அதே 2.2-03-ஐத்தான் சுட்ட வேண்டும். ஆவணம் ஒன்றை நீக்கினால் அந்த எண்ணை வெறுமையாக விடுங்கள். மீண்டும் எண்ணிடத் தொடங்கினால் அறிக்கை முழுக்கத் தவறான சுட்டுகள் நிறையும்.

இன்னொன்று: விதிமுறை மட்டும் சான்றாகாது. "மேல்முறையீடு செய்யலாம்" என்பதற்கு விதிமுறை, அதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பெயர் மறைக்கப்பட்ட விண்ணப்பமும் முடிவைத் தெரிவித்த கடிதமும்தான் அது நடந்தது என்பதைக் காட்டும். தோழியின் கல்லூரியில் விதிமுறை இருந்தது. ஒரு விண்ணப்பம்கூட வந்ததில்லை. அப்போது என்ன எழுதுவது? இதுவரை விண்ணப்பம் வரவில்லை என்று நேராக எழுதி, மாணவர்களுக்கு இந்த உரிமை தெரிவிக்கப்பட்டதைக் காட்டும் கையேட்டைச் சான்றாக வைத்தோம். இல்லாததை உண்டாக்கக் கூடாது.

கடைசியில் இருவழிச் சோதனை

முதலில் அறிக்கையிலிருந்து அட்டவணைக்குப் போங்கள்: சான்று இல்லாத கூற்று எது? பிறகு அட்டவணையிலிருந்து அறிக்கைக்கு வாருங்கள்: எங்குமே சுட்டப்படாத ஆவணம் எது? அதை எடுத்துவிடலாம். ஒவ்வொரு சான்றையும் திறந்து, கூற்றோடு ஒப்பிடவும் வேண்டும். தோழியின் அறிக்கை, குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது என்றது. கோப்பில் இரண்டு கூட்டக் குறிப்புகள்தான் இருந்தன. தேடியும் மூன்றாவது கிடைக்காததால், வாக்கியத்தை "இரண்டு முறை" என்று திருத்தினோம்.

இறுதியாக, அறிக்கை எழுதாத ஒருவரிடம் ஏதாவது ஒரு தரக்கூறைச் சொல்லி, "சான்றைக் காட்டுங்க" என்று கேளுங்கள். யாரையும் கேட்காமல் அவரே கண்டுபிடித்துவிட்டால் அட்டவணை சரி. "இது எந்த ஃபைல்ல இருக்கு?" என்று உங்களிடம் திரும்பி வந்தால், மதிப்பீட்டாளரும் அதே இடத்தில்தான் நிற்பார்.