முக்கால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம்?

மத்திய கால நெல்லுக்கான பொதுப் பரிந்துரை, ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20, சாம்பல்சத்து 20. இவை சத்தின் எடை. உரத்தின் எடை அல்ல. கடைக்குப் போகுமுன் இந்த வேறுபாடு மனதில் இருக்க வேண்டும்.

ஒருவரிடம் 75 சென்ட் வயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது முக்கால் ஏக்கர். தேவை 45, 15, 15 கிலோ.

கணக்கை டிஏபியில் தொடங்குவதே சரி. அதில் மணிச்சத்து 46 சதவீதம். 15ஐ 0.46ஆல் வகுத்தால் சுமார் 33 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. டிஏபியில் 18 சதவீதம் தழைச்சத்தும் உண்டு; ஆக 6 கிலோ அதிலேயே கிடைத்துவிடுகிறது. பலரும் கழிக்க மறப்பது இதைத்தான்.

மீதி 39 கிலோவுக்கு யூரியா. அதிலும் சத்து 46 சதவீதம் என்பதால் 85 கிலோ போதும். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ; இரண்டு வாங்கினால் 5 கிலோ மிஞ்சும். அந்த 6 கிலோவைக் கழிக்காவிட்டால் கணக்கு 98 கிலோவாகி, மூன்றாவது மூட்டைக்குக் கை நீளும். அளவு மீறிய தழைச்சத்தில் பயிர் கரும்பச்சையாகத் தழைத்துச் சாயும், புகையானும் கூடும்.

பொட்டாஷில் சத்து 60 சதவீதம்: 25 கிலோ, அரை மூட்டை. மண் பரிசோதனை அட்டை இருந்தால், பொதுப் பரிந்துரைக்குப் பதில் அதிலுள்ள அளவையே இதே முறையில் போட்டுப் பார்க்கலாம்.