செயலைச் சுட்டும் பாராட்டு

கடினமான பணியொன்றை முடித்த குழுவினர்க்கு எழுதும் பாராட்டுக் கடிதத்தில் புகழ்மொழிகள் மிகுந்தால் அது வெறும் முகமனாகிவிடும். பணி செய்தோர் தம் செயலை அக்கடிதத்தில் காண வேண்டும். பாம்பன் பாலச் சீரமைப்பைக் கொண்டு இதனை விளக்கலாம்.

1964 டிசம்பரில் வீசிய கடும்புயலில் பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தின் 126 இரும்புத் தூலங்கள் கடலில் விழுந்தன. அந்நாளில் இராமேசுவரம் தீவிற்குச் சாலைப்பாலம் இல்லை. சீரமைப்பிற்கு முதலில் ஆறு மாதமும், பின்னர் மூன்று மாதமும் காலவரம்பாக விதிக்கப்பட்டன. இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாள்களில் பணியை முடித்தது.

இக்குழுவினர்க்குப் பலர் இவ்வாறு எழுதக்கூடும்:

"தங்கள் அயராத உழைப்பும் ஈடிணையற்ற திறமையும் போற்றத்தக்கன. செயற்கரிய செயலைச் செய்து முடித்தீர்கள்."

இத்தொடர்களில் பிழையில்லை. ஆயினும், விழா நடத்தியவர்க்கும் விளையாட்டில் வென்றவர்க்கும் இவை அப்படியே பொருந்தும். எவர்க்கும் பொருந்தும் பாராட்டு எவரையும் தொடுவதில்லை. அதனை இவ்வாறு மாற்றி எழுதலாம்:

"புதிய தூலங்களுக்குக் காத்திருந்தால் மாதங்கள் கழிந்திருக்கும். கடலில் கிடந்த தூலங்களைத் தேடி மீட்டு, மீண்டும் பொருத்த முடிவு செய்தீர்கள். அதனால் மூன்று மாதப் பணி 46 நாள்களில் முடிந்தது. துண்டிக்கப்பட்டிருந்த தீவிற்குத் தொடர்வண்டி மீண்டும் செல்கிறது."

இதில் 'திறமை' என்னும் சொல்லே இல்லை. எனினும் திறமை புலப்படுகிறது. எதிர்ப்பட்ட தடை, அதனைக் கடக்க எடுத்த முடிவு, அதனால் விளைந்த பயன் ஆகிய மூன்றும் வரிசையாக அமைந்திருப்பதே காரணம். இவற்றுள் முடிவைக் கூறும் தொடரே கடிதத்தின் உயிர். தடை புயலால் வந்தது. முடிவு குழுவினர்க்கே உரியது.

பாராட்டு தலைவரோடு நின்றுவிடலாகாது. முடிவெடுத்தவர் ஒருவராயினும், தூலங்களைத் தேடியவர், தூக்கியவர், பொருத்தியவர் பலராவர். ஒவ்வொரு பிரிவினரும் செய்த பணியை ஒரு தொடரிலேனும் குறிப்பிட வேண்டும். எழுதுபவர் அதனை அறியாராயின், உடன் இருந்தோரிடம் கேட்டறிந்த பின்னரே எழுதத் தொடங்க வேண்டும்.

மிகைப்படுத்தலும் ஆகாது. "பாலம் முழுவதையும் புதிதாகக் கட்டினீர்கள்" என்று எழுதினால் அது உண்மையன்று. கப்பல்களுக்கு வழிவிடும் தூக்குப்பகுதியும் சில தூலங்களும் புயலுக்குத் தப்பி நின்றன. இதனை முதலில் அறிபவர் பணி செய்தவரே. செய்யாததற்குப் புகழ் பெற்றால், செய்ததற்குக் கிடைத்த புகழையும் அவர் ஐயுறுவார்.

எழுதி முடித்ததும் பாலத்தின் பெயரையும் எண்களையும் மறைத்துக் கடிதத்தைப் படித்துப் பார்த்தல் நன்று. அப்போதும் எந்தப் பணியைப் பற்றியது என்பது விளங்கினால், அது பாராட்டுக் கடிதம். விளங்காவிடில், குழுவினர் செய்ததை மீண்டும் கேட்டறிந்து எழுத வேண்டும்.