சிங்கப்பூர் டாலரில் சமன், ரூபாயில் ஆறு லட்சம் வித்தியாசம்

இந்தியாவில் உள்ள தாய் நிறுவனம் சிங்கப்பூரில் ஒரு துணை நிறுவனம் தொடங்கினால், அதன் அன்றாடக் கணக்கு முழுவதும் சிங்கப்பூர் டாலரில்தான் எழுதப்படும். ஆண்டு முடிவில் இரண்டு நிறுவனங்களின் கணக்கையும் சேர்த்து ஒரே கணக்காகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் துணை நிறுவனத்தின் இருப்பாய்வை ரூபாய்க்கு மாற்றியாக வேண்டும். எல்லா இனங்களையும் ஒரே விகிதத்தால் பெருக்கினால் வேலை எளிதாக முடிந்துவிடும். பற்றும் வரவும் ரூபாயிலும் சமமாகவே நிற்கும். ஆனால் கணக்கியல் தரநிலை அதை ஏற்பதில்லை. இந்தியாவில் 2016 முதல் பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும் இந்தியக் கணக்கியல் தரநிலை 21, சர்வதேசத் தரநிலை 21-ஐ ஒட்டியது. இரண்டுமே மூன்று வகை விகிதங்களைக் கேட்கின்றன.

சொத்துகளுக்கும் பொறுப்புகளுக்கும் ஆண்டின் கடைசி நாள் விகிதம், அதாவது இறுதி விகிதம். வருமானத்துக்கும் செலவுக்கும் அவை நிகழ்ந்த நாளின் விகிதம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பட்டியல்கள் ஓடும் இடத்தில் அது நடக்காத காரியம் என்பதால் ஆண்டின் சராசரி விகிதத்துக்கு அனுமதி உண்டு. பங்கு மூலதனத்துக்கு அது போடப்பட்ட நாளின் விகிதம். பின்னால் ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் இந்த வரலாற்று விகிதம் மாறாது.

மூலதனத்துக்கு மட்டும் ஏன் பழைய விகிதம் என்ற கேள்விக்கு விடை தாய் நிறுவனத்தின் ஏட்டில் இருக்கிறது. அங்கே 'துணை நிறுவனத்தில் முதலீடு' என்ற இனம், பணம் அனுப்பிய நாளின் ரூபாய் மதிப்பில் நிற்கிறது. இரு கணக்கையும் சேர்க்கும்போது இந்த முதலீடும் துணை நிறுவனத்தின் பங்கு மூலதனமும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள வேண்டும். மூலதனத்தைப் புதிய விகிதத்தில் மாற்றினால் இந்த நீக்கல் முழுமையாகாது. துணை நிறுவனம் தாய் நிறுவனத்துக்குத் தந்த பங்காதாயமும் இப்படித்தான்: பெற்ற நாளின் விகிதத்தில் தாய் நிறுவனம் அதை வரவு வைத்திருக்கும், எனவே இந்தப் பக்கமும் அதே விகிதம்தான்.

ஓர் எடுத்துக்காட்டில் இது தெளிவாகும். ஏப்ரல் 1 அன்று 1,00,000 சிங்கப்பூர் டாலர் மூலதனத்துடன் முழு உரிமையுள்ள துணை நிறுவனம் தொடங்கப்பட்டது. அன்று ஒரு டாலர் 60 ரூபாய். ஆண்டுச் சராசரி 62, மார்ச் 31 அன்று 65. இடையில் ஒரு டாலர் 63 ரூபாயாக இருந்த நாளில் 10,000 டாலர் பங்காதாயம் தரப்பட்டது. விகிதங்கள் கணக்குப் போட வசதியாக எடுத்துக்கொண்டவை.

| இனம் | டாலர் | விகிதம் | ரூபாய் (லட்சம்) |
|---|---|---|---|
| பற்று | | | |
| இயந்திரம் | 90,000 | 65 | 58.50 |
| சரக்கிருப்பு | 20,000 | 65 | 13.00 |
| கடனாளிகள் | 30,000 | 65 | 19.50 |
| வங்கி இருப்பு | 25,000 | 65 | 16.25 |
| விற்ற சரக்கின் அடக்கம் | 1,10,000 | 62 | 68.20 |
| சம்பளம், வாடகை | 40,000 | 62 | 24.80 |
| தேய்மானம் | 10,000 | 62 | 6.20 |
| பங்காதாயம் | 10,000 | 63 | 6.30 |
| மொத்தம் | 3,35,000 | | 212.75 |
| வரவு | | | |
| பங்கு மூலதனம் | 1,00,000 | 60 | 60.00 |
| திரண்ட தேய்மானம் | 10,000 | 65 | 6.50 |
| கடனீந்தோர் | 25,000 | 65 | 16.25 |
| விற்பனை | 2,00,000 | 62 | 124.00 |
| மொத்தம் | 3,35,000 | | 206.75 |

டாலரில் இரு பக்கமும் 3,35,000. ரூபாயில் பற்றுப் பக்கம் 6 லட்சம் கூடுதல். இதுதான் மாற்று வேறுபாடு. வரவுப் பக்கம் குறைவதால் இந்த 6 லட்சத்தை 'அந்நிய நாணய மாற்றக் காப்பு' என்ற தலைப்பில் வரவு வைத்ததும் இருப்பாய்வு சமனாகிறது. வரவு இருப்பு என்றால் ஆதாயம்; ரூபாய் வலுத்திருந்தால் குறை பற்றுப் பக்கத்தில் வந்து நட்டமாகியிருக்கும்.

அட்டவணையில் ஒரு விசித்திரம் கண்ணில் படும். முதல் ஆண்டின் தேய்மானம் செலவாக 6.20 லட்சம், அதே தேய்மானம் இயந்திரத்தின் கழிவாக 6.50 லட்சம். இது பிழையல்ல. செலவு ஆண்டு முழுவதும் ஏற்பட்டது. இயந்திரமோ ஆண்டு முடிவில் ஐந்தொகையில் நிற்கிற சொத்து, அதன் கழிவும் அதனுடன் சேர்ந்தே மாறும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் இரண்டையும் 'ஒத்துப்போக' வைக்க முயல்வது உண்டு, அங்கேதான் கணக்கு கெடுகிறது.

இந்த முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. வேறுபாடு என்பது சமன் செய்யப் போட்ட எண் என்பதால், எந்தத் தவறு செய்தாலும் அதுவும் அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். இருப்பாய்வு எப்போதும் சமனாகவே தெரியும். ஆகவே 6 லட்சத்தை வேறு வழியில் கண்டுபிடித்துச் சரிபார்க்காமல் விடுவது நல்லதல்ல. வழி எளிதுதான். துணை நிறுவனத்தின் நிகரச் சொத்து ஆண்டில் எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும்.

ஆண்டின் தொடக்கத்தில் நிகரச் சொத்து 1,00,000 டாலர். அது 60-இல் தொடங்கி 65-இல் முடிகிறது: டாலருக்கு 5 ரூபாய் வீதம் 5 லட்சம் ஆதாயம். ஆண்டின் இலாபம் 40,000 டாலர், 62-இல் எழுதப்பட்டது, ஆனால் முடிவில் 65-இல் நிற்கும் சொத்தாக இருக்கிறது: 3 ரூபாய் வீதம் 1.20 லட்சம். பங்காதாயமாக வெளியே போன 10,000 டாலர் 63-இல் போனது. அது மார்ச் 31 வரை இருந்திருந்தால் 65 ஆகியிருக்கும், அந்த 2 ரூபாய் வீதம் 20,000 ரூபாய் கைக்கு வரவில்லை. 5 லட்சத்துடன் 1.20 லட்சம் கூட்டி 20,000 கழித்தால் 6 லட்சம். இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

ஒத்துப்போகாதபோது எஞ்சும் தொகையே தவறின் இடத்தைக் காட்டிவிடும். திரண்ட தேய்மானத்தை யாரோ 62-இல் மாற்றிவிட்டதாக வைத்துக்கொண்டால், இருப்பாய்வின் வேறுபாடு 6.30 லட்சமாகத் தெரியும். சரிபார்ப்பு 6 லட்சம் என்கிறது. எஞ்சுவது 30,000 ரூபாய். இறுதி விகிதத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி 3 ரூபாய். 30,000-ஐ மூன்றால் வகுத்தால் 10,000 டாலர். இருப்பாய்வில் 10,000 டாலர் உள்ள இனங்கள் மூன்றுதான், தேடல் அங்கேயே முடிகிறது. மூலதனத்தை 65-இல் மாற்றிய தவறானால் வேறுபாடு 1 லட்சமாகச் சுருங்கி, 5 லட்சம் இடைவெளி விழும். முதலீட்டை நீக்கும்போதும் அதே 5 லட்சம் உறுத்திக்கொண்டு நிற்கும்.

சராசரி விகிதத்தைப் பற்றிச் சற்று எச்சரிக்கை தேவை. அது வசதிக்கான அனுமதி மட்டுமே. விகிதம் கடுமையாக ஏறி இறங்கினால் பொருந்தாது. இலங்கை இதற்கு அண்மைக் காலச் சான்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு இருநூறு ரூபாய் அளவில் இருந்த இலங்கை ரூபாய், அதே ஆண்டு மே மாதத்துக்குள் 350-ஐத் தாண்டி வீழ்ந்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைத்த கொழும்புத் துணை நிறுவனத்துக்கு அந்த ஆண்டின் ஒற்றைச் சராசரி, வீழ்ச்சிக்கு முன் நடந்த விற்பனைக்கும் பொருந்தாது, பின் நடந்ததற்கும் பொருந்தாது. அத்தகைய நேரத்தில் மாதந்தோறும் அந்தந்த மாதச் சராசரியில் மாற்றிக் கூட்டுவதே சரி. விகிதம் நிதானமாக நகர்ந்தாலும், விற்பனையில் பாதி தீபாவளி மாதத்தில் நடக்கும் கடைக்கு மாதவாரிக் கணக்கே பொருந்தும்.

இந்த வேறுபாடு இலாப நட்டக் கணக்குக்குப் போவதில்லை. 'பிற விரிவான வருமானம்' என்ற பகுதியில் காட்டப்பட்டு, பங்குதாரர் உரிமையின் ஒரு பகுதியாகத் தனிக் காப்பில் சேர்கிறது. காரணம், யாரும் சிங்கப்பூர் சொத்தை விற்று ரூபாயாக மாற்றவில்லை. 6 லட்சம் எந்த வங்கிக் கணக்கிலும் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் 1975-இல் வந்த எட்டாம் எண் தரநிலை வேறு வழியில் சென்றது: மாற்றத்தில் எழும் வேறுபாட்டை நேராக இலாபத்தில் சேர்க்கச் சொன்னது. தொழிலில் எதுவும் மாறாமலே காலாண்டு இலாபம் நாணயச் சந்தையோடு சேர்ந்து ஆடியது. நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன, 1981 டிசம்பரில் 52-ஆம் எண் தரநிலை அதன் இடத்துக்கு வந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் துணை நிறுவனம் தன் காலில் நிற்காமல், தாய் நிறுவனத்தின் சரக்கை விற்றுப் பணத்தை உடனுக்குடன் அனுப்பும் கிளை போலவே இயங்கினால் நிலைமை வேறு. அதன் செயற்பாட்டு நாணயமே ரூபாய்தான் என்று தரநிலை கொள்ளும். அப்போது அடக்க விலையில் நிற்கும் இயந்திரம் வாங்கிய நாளின் விகிதத்தில் இருக்கும், வேறுபாடும் இலாப நட்டக் கணக்குக்கே போகும். எந்த விகிதம் என்று கேட்பதற்கு முன் எந்த நாணயம் என்று தீர்மானிக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் ஆண்டில்தான் பலர் இடறுகிறார்கள். முதல் ஆண்டில் இலாபம் 40,000 டாலர், பங்காதாயம் 10,000 போக 30,000 டாலர் மீந்தது. அதன் ரூபாய் மதிப்பு 24.80 லட்சத்தில் 6.30 லட்சம் போக 18.50 லட்சம். இரண்டாம் ஆண்டு இருப்பாய்வில் இந்த 30,000 டாலரை எந்தப் புதிய விகிதத்தாலும் பெருக்கக் கூடாது, 18.50 லட்சமே அப்படியே எடுத்து வரப்பட வேண்டும். இரண்டாம் ஆண்டில் 20,000 டாலர் இலாபம், சராசரி 66, இறுதி விகிதம் 64, பங்காதாயம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நிகரச் சொத்து 1,50,000 டாலர், 64-இல் 96 லட்சம். மூலதனம் 60, பழைய இலாபம் 18.50, புதிய இலாபம் 13.20, கூட்டினால் 91.70 லட்சம். வேறுபாடு 4.30 லட்சம்.

இது அந்த ஆண்டின் வேறுபாடு அல்ல, தொடக்கத்திலிருந்து திரண்டது. சென்ற ஆண்டின் 6 லட்சத்தைக் கழித்தால் இந்த ஆண்டு 1.70 லட்சம் நட்டம். சரிபார்ப்பும் அதையே சொல்கிறது: தொடக்க நிகரச் சொத்து 1,30,000 டாலரில் ஒரு ரூபாய் வீதம் 1.30 லட்சம் இழப்பு, 20,000 டாலர் இலாபத்தில் இரண்டு ரூபாய் வீதம் 40,000 இழப்பு. ஆண்டறிக்கையின் பிற விரிவான வருமானத்தில் 1.70 லட்சம் குறைவு என்றும், ஐந்தொகையின் காப்பில் 4.30 லட்சம் என்றும் எழுதப்படும்.

துணை நிறுவனத்தை ஒருநாள் விற்றுவிட்டால், அதுவரை காப்பில் திரண்ட தொகை அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்கு மாற்றப்பட்டு, விற்பனையின் ஆதாயத்தோடு அல்லது நட்டத்தோடு சேர்கிறது.