நோயாளி நீதிமன்றம் வர இயலாதபோது: விண்ணப்பமும் மருத்துவச் சான்றும்

குற்றம் சாட்டப்பட்டு ஜாமீனில் வெளிவந்துள்ள ஒருவர், வழக்கு நாளன்று நீதிமன்றத்தில் நேரில் இருத்தல் வேண்டும். அவர் பெயர் அழைக்கப்படும்போது பதில் இல்லையேல், மாஜிஸ்திரேட் அவரைக் கைது செய்யுமாறு ஆணை பிறப்பிக்கலாம். அத்துடன் ஜாமீன் நின்றவரையும் அழைத்து, ஜாமீன் தொகையை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று காரணம் கேட்கலாம். கடும் நோயினால் படுக்கையில் கிடப்பவருக்கும் இதே நிலை ஏற்படக்கூடும். அவர் நோயாளி என்பதை நீதிமன்றம் தானாக அறிய வழியில்லை. தக்க சான்றுடன் எவரேனும் எடுத்துரைத்தால்தான் அது தெரியவரும்.

நோய்வாய்ப்பட்டவர் நீதிமன்றத்தை இரு வகையில் வேண்டலாம். முதலாவது, குறிப்பிட்ட ஒரு நாளில் வர இயலாமையைக் கூறி வழக்கை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கக் கோருவது. நியாயமான காரணம் இருப்பின் வழக்கை ஒத்திவைக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 259ஆவது பிரிவு நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. இரண்டாவது, தாம் நேரில் வராமலேயே தமக்காக வழக்கறிஞர் முன்னிலையாக அனுமதி கோருவது. சம்மன் மூலம் அழைக்கப்பட்ட வழக்கில், தக்க காரணம் கண்டால் மாஜிஸ்திரேட் இவ்வாறு அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தின் 137ஆவது பிரிவு கூறுகிறது. ஆயினும் பின்னர் எந்தக் கட்டத்திலும் அவரை நேரில் வருமாறு பணிக்கும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டிடமே இருக்கும். ஆகவே இது நீதிமன்றம் தன் விருப்புரிமையால் வழங்கும் சலுகையேயன்றி, நோயாளி கட்டாயமாகப் பெற வேண்டிய உரிமையன்று.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். அறுபது வயதைக் கடந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர்மீது, அண்டை வீட்டாரைத் தாக்கிக் காயப்படுத்தியதாகத் தண்டனைச் சட்டத்தின் 323ஆவது பிரிவின்கீழ் வழக்கு நடக்கிறது எனக் கொள்வோம். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டபோது அவர் நேரில் நின்று மறுத்துவிட்டார். 2,000 வெள்ளிக்கு அவருடைய அக்காள் மகன் ஜாமீன் நின்றுள்ளார். இந்நிலையில் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்களிலும் காலையில் நான்கு மணி நேரம் அவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறுகிறது. அடுத்து நீதிமன்றத்தில் ‘செபுத்தான்’ எனப்படும் வழக்குக் குறிப்பு நாள் ஒரு புதன்கிழமையில் அமைந்துவிட்டது. அதற்கு ஒரு வாரத்திற்கு முன் கிருமித் தொற்றினால் அவர் மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டார்.

அக்காள் மகன் கிளினிக் ஒன்றில் இரண்டு நாள் ‘எம்.சி.’ வாங்கிக்கொண்டு நீதிமன்றம் சென்றால் போதுமா? பெரும்பாலும் போதாது. ‘எம்.சி.’ என்பது வேலைக்குச் செல்ல இயலாது என்று முதலாளிக்குத் தரப்படும் சீட்டு. மரம் வெட்ட முடியாதவர் நீதிமன்றத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க முடியும் என்று மாஜிஸ்திரேட் கருதலாம். ‘உடல் நலமில்லை’ என்ற சொல் மட்டும் இருந்தால், எந்த நோய், எவ்வளவு கடுமை, எப்போது குணமாகும் என்பவை விளங்கா. தோட்ட மருத்துவ உதவியாளர் எழுதித் தரும் ஓய்வுச் சீட்டின் நிலையும் இதுவே. நீதிமன்றத்திற்குத் தேவைப்படுவது, அவருக்குச் சிகிச்சையளிக்கும் பதிவு பெற்ற மருத்துவரின் சான்று.

அச்சான்று ஐந்து செய்திகளைத் தெளிவாகக் கூறினால் நலம். நோயாளியின் முழுப்பெயரும் அடையாளக் கார்டு எண்ணும், நோயின் பெயர், நடைபெறும் சிகிச்சை, அவர் நீதிமன்றத்திற்கு வரத் தகுதியற்றவர் என்ற மருத்துவரின் கருத்தும் அதன் காரணமும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது. இவற்றுள் நான்காவதும் ஐந்தாவதுமே பலருடைய சான்றுகளில் விடுபட்டுப் போகின்றன. மருத்துவர் தம் பெயரையும் பதவியையும் எழுதிக் கையொப்பமிட்டு, மருத்துவமனை முத்திரை வைத்திருத்தல் வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் முழு மருத்துவ அறிக்கை கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். ஆகவே அதற்கு முன்கூட்டியே மனுச் செய்துவிட்டு, இடையில் வார்டு மருத்துவரிடம் மேற்கண்ட செய்திகள் அடங்கிய சிறு கடிதமேனும் பெற்றுக்கொள்க.

அடுத்தது விண்ணப்பம். வழக்கறிஞர் இருப்பின் அவரே இதனைத் தயாரிப்பார். இல்லையேல் தேசிய மொழியில் ஒரு கடிதமாக எழுதலாம். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், குற்றப்பிரிவு, விசாரணை நாள் ஆகியவற்றை மேலே குறித்து, கீழே காரணத்தைச் சுருக்கமாகக் கூறவேண்டும். நம் எடுத்துக்காட்டில் வேண்டுகோள் இவ்வாறு அமையலாம்:

“நான் இப்போது மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருவதால், இவ்விசாரணை நாளில் நேரில் வர இயலவில்லை. மருத்துவரின் சான்று இணைக்கப்பட்டுள்ளது. அன்றைய தினம் நேரில் வருவதிலிருந்து எனக்கு விலக்களித்து, வழக்கை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எனக்குத் திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறுவதால், இனிவரும் நாள்களைச் செவ்வாய் அல்லது வியாழக்கிழமையில் அமைத்துத் தந்தால் தவறாது வருவேன்.”

கடைசி வாக்கியத்தைக் கவனிக்க. “இனி வரவே இயலாது” என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்நாளில் வர இயலும் என்று கூறுவது மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. விண்ணப்பதாரர் வழக்கைத் தவிர்க்க முயலவில்லை என்பதும் அதனால் புலப்படும். நோயாளி எழுந்து நடக்கவே முடியாத நிலையில் இருந்தால் மட்டும், வழக்கறிஞர் மூலம் முன்னிலையாக 137ஆவது பிரிவின்கீழ் அனுமதி கேட்பது பொருந்தும்.

விண்ணப்பத்தையும் சான்றின் மூலத்தையும் இயன்றவரை விசாரணை நாளுக்கு முன்னரே நீதிமன்றப் பதிவகத்தில் கொடுத்து, தம்மிடமுள்ள நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கவேண்டும். ஒரு நகலை வழக்கு நடத்தும் அரசுத் தரப்பு அதிகாரியிடமும் தருதல் வேண்டும். அவர் மறுப்புத் தெரிவிக்காவிடில் விண்ணப்பம் எளிதில் ஏற்கப்படும் வாய்ப்பு உண்டு. கடிதம் கொடுத்துவிட்டோம் என்று அன்றைய தினம் எவரும் போகாமல் இருப்பது பெருந்தவறு. மாஜிஸ்திரேட் உத்தரவிடும் வரை விலக்கு இல்லை. ஆதலால் ஜாமீன் நின்றவர் நேரில் சென்று, பெயர் அழைக்கப்படும்போது எழுந்து, நிலைமையைக் கூறி, அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு வருதல் வேண்டும்.

மாஜிஸ்திரேட்டுக்கு ஐயம் எழுந்தால், மேலும் தெளிவான அறிக்கையைக் கேட்கலாம். சான்றளித்த மருத்துவரையே வரவழைத்து விசாரிக்கவும் செய்யலாம். பொய்ச் சான்று அளிப்பதும், பொய்யென்று தெரிந்தே அதை மெய்யான சான்றாகப் பயன்படுத்துவதும் தண்டனைச் சட்டத்தின் 197, 198ஆவது பிரிவுகளின்படி குற்றங்களாகும். சிறியதொரு வழக்கிலிருந்து ஒருநாள் விடுபட எண்ணி, அதைவிடப் பெரிய வழக்கை எவரும் வருவித்துக்கொள்ளலாகாது.

முன்னறிவிப்பின்றி நோய் தாக்கி, நாள் கடந்தபின் கைது ஆணை பிறப்பிக்கப்பட்டுவிட்டால் ஒளிந்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் சேர்ந்த தேதியும் வெளிவந்த தேதியும் காட்டும் ஆவணங்களுடன் வழக்கறிஞர் மூலம் உடனே நீதிமன்றத்தை அணுகி, ஆணையை ரத்துச் செய்யுமாறு வேண்டலாம். ஜாமீன்தாரர் தம்மிடம் காரணம் கேட்கப்படும் நாளில் அதே ஆவணங்களைக் காட்டலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதோர் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் உதவியை நாடலாம். செல்லும்போது ஜாமீன் பத்திரம், குற்றச்சாட்டின் நகல், மருத்துவச் சான்று ஆகிய மூன்றையும் கையோடு கொண்டு செல்க.