இரண்டு லட்சம் ஃபாலோயர்களில் எத்தனை பேர் மனிதர்கள்?

காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி, கூரியரில் அனுப்பி விற்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் சமையல் ரீல் போடும் ஒரு பெண்ணிடம் விளம்பரத்துக்காகப் பேசுகிறார். அந்தக் கணக்கில் 2,40,000 ஃபாலோயர்கள். ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி, மொத்தம் 60,000 ரூபாய், பாதி முன்பணம் என்று பேச்சு வருகிறது. ஆளும் எண்களும் உதாரணத்துக்காக நான் போட்டவை. கையெழுத்துப் போடும் முன் அவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஃபாலோயர்களை விலைக்கு வாங்க முடியும் என்பது பலரும் கேள்விப்பட்டதுதான். அது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. டெவுமி என்ற அமெரிக்க நிறுவனம் சுமார் 35 லட்சம் தானியங்கிக் கணக்குகளை வைத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்ப விற்று, 20 கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் ஃபாலோயர்களை வழங்கியிருந்ததாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அவற்றில் குறைந்தது 55,000 கணக்குகள் உண்மையான மனிதர்களின் பெயரையும் படத்தையும் திருடி உருவாக்கப்பட்டவை. அடுத்த ஆண்டே அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் உரிமையாளர் மீது 25 லட்சம் டாலருக்கான தீர்வைப் பெற்றது. படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆகவே ஆளும் இருப்பார் என்று நம்ப முடியாது என்பதற்கு அந்த 55,000 கணக்குகளே சாட்சி.

எனவே ஃபாலோயர் பட்டியலுக்குப் போகும் முன் வளர்ச்சி வரைபடத்தைப் பாருங்கள். ஒரு கணக்குக்கு நாள்தோறும் எத்தனை பேர் கூடினார்கள், குறைந்தார்கள் என்பதை சோஷியல் பிளேடு போன்ற தளங்கள் காட்டும். நம் சமையல் கணக்கில் மாதக்கணக்காக நாளுக்கு 60, 80 பேர் சேர்ந்துகொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் மூன்றே நாளில் 38,000 பேர் சேர்கிறார்கள். அதன்பின் தினமும் 200 பேர் உதிர்கிறார்கள். விற்கப்படும் கணக்குகளை இன்ஸ்டாகிராம் கண்டுபிடித்து நீக்கிக்கொண்டே இருப்பதால் வரும் சரிவு இப்படித்தான் இருக்கும்.

ஆனால் இந்த ஒரு தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஒரு ரீல் வைரலானாலும் வரைபடம் செங்குத்தாக ஏறும். ஃபாலோ செய்தால் மிக்ஸி பரிசு என்று போட்டி நடத்தினாலும் ஏறும். பரிசு அறிவித்தபின் கூட்டம் கலையும். வேண்டாதவர் ஒருவர் காசு கொடுத்து அவர் கணக்கில் போலிகளைக் கொட்டிவிடவும் முடியும். ஆகவே அந்த மூன்று நாட்களில் அவர் என்ன பதிவிட்டார் என்று போய்ப் பார்க்க வேண்டும். வைரல் ரீலும் இல்லை, பரிசுப் போட்டியும் இல்லை என்றால், நேராகக் கேட்டுவிடலாம்: "பிப்ரவரியில என்னம்மா நடந்துச்சு?"

அடுத்தது லைக். ஃபாலோயர் எண்ணிக்கையால் லைக்கை வகுத்து வரும் சதவீதத்தைத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கணக்கு பெரிதாகப் பெரிதாக அது தானாகவே குறையும். லைக்கையும் காசுக்கு வாங்கலாம். அதைவிடப் பதிவுக்குப் பதிவு உள்ள ஏற்ற இறக்கம் நிறையச் சொல்லும். மனிதர்கள் பார்க்கும் கணக்கில் பிரியாணிக்கு 9,000 லைக் வரும், கீரை மசியலுக்கு 700 வரும். இங்கே கடைசி இருபது பதிவுகளிலும் 3,100க்கும் 3,400க்கும் நடுவிலேயே நிற்கிறது. ஜனங்களின் ருசி அப்படி ஒரே அளவாக இருக்காது.

கமென்ட்டுகளில் போலிக் கணக்கே இல்லாத ஒரு தந்திரம் உண்டு. இருபது முப்பது இன்ஃப்ளூயன்சர்கள் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ குழு அமைத்து, ஒருவர் பதிவில் மற்றவர்கள் உடனே போய் 'சூப்பர்', 'செம' என்று எழுதுவார்கள். இந்தத் தொழிலில் இதற்கு 'பாட்' என்று பெயர். பத்துப் பதிவுகளைத் திறந்து, கமென்ட் போட்டவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். அதே பெயர்கள் திரும்ப வந்தால், அவர்களும் சமையல் கணக்கு நடத்துபவர்களாகவே இருந்தால், விஷயம் புரிந்துவிடும். எண்ணெய் என்ன விலை, இதில் உளுந்து எவ்வளவு என்று யாராவது கேட்கிறார்களா என்பதும் முக்கியம். வாங்குகிறவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

இதற்குப் பிறகு ஃபாலோயர் பட்டியல். இன்ஸ்டாகிராம் முழுப் பட்டியலையும் எப்போதும் காட்டுவதில்லை. மேலே இருப்பவர்களை மட்டும் பார்த்தாலும் தவறான முடிவுக்கு வருவோம். மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து 200 கணக்குகளை எடுக்கலாம். ஒரு பதிவும் இல்லை, பத்துப் பேர்கூட ஃபாலோ செய்யவில்லை, ஆனால் அவர் மட்டும் 5,000 பேரை ஃபாலோ செய்கிறார், பெயர் முழுக்க எண்கள்: இவை சேர்ந்து வந்தால் சந்தேகக் கணக்கு. வெறுமனே படமும் பதிவும் இல்லாததைக் குற்றமாக எடுக்காதீர்கள். நம் வீடுகளில் எத்தனையோ அம்மாக்கள் படம் வைக்காத, பூட்டிய கணக்கில்தான் சமையல் ரீல் பார்க்கிறார்கள், அவர்கள்தான் எண்ணெயும் வாங்குவார்கள். 200ல் 58 சந்தேகக் கணக்கு என்றால் 29 சதவீதம். இவ்வளவு சின்ன மாதிரியில் உண்மை நிலை 23க்கும் 35க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம்.

இதுவரை பார்த்ததெல்லாம் வெளியிலிருந்து. கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும் இன்சைட்ஸ் பக்கத்தில்தான் நிஜமான தகவல் இருக்கிறது. அதை ஸ்க்ரீன்ஷாட்டாக வாங்காதீர்கள். எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் போதும். வீடியோ காலில் திரையைப் பகிரச் சொல்லி, நீங்கள் கேட்கும் பதிவை அவர் அப்போதே திறந்து காட்டட்டும். எந்த நாட்டவர் பார்க்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழ்க் கணக்குக்கு இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலிருந்து ஆட்கள் இருப்பது இயல்பு. இங்கே இந்தியா 61 சதவீதம், அடுத்ததாக இந்தோனேசியாவும் பிரேசிலும் வருகின்றன. பிறகு சேமிப்பும் பகிர்வும். சமைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் ரீலைச் சேமித்து வைப்பார்கள், அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்புவார்கள். 3,200 லைக் வாங்கிய ரீலில் 14 சேமிப்பு, 6 பகிர்வு என்று இருந்தால், அந்த லைக் அடுப்படியிலிருந்து வரவில்லை.

இப்போது விலைக்கு வருவோம். அவர் காசு கொடுத்து வாங்கினார் என்று நிரூபிப்பது செக்குக்காரரின் வேலை இல்லை; தான் கொடுக்கும் பணத்துக்கு எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் போதும். கடைசிப் பத்து ரீல்கள் ஒவ்வொன்றும் எத்தனை கணக்குகளைச் சென்றடைந்தது என்று குறித்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள எண்ணை எடுக்கட்டும். சராசரி எடுத்தால் ஒரே ஒரு வைரல் ரீல் கணக்கைக் கெடுத்துவிடும். அந்த எண் 31,000 என்று வையுங்கள். அதில் இந்தியாவில் உள்ளவர்கள் சுமார் 19,000. தலைக்கு மூன்று ரூபாய்க்கு மேல் ஆகிறது. இதே முறையில் 38,000 ஃபாலோயர் மட்டுமே உள்ள இன்னொரு சமையல் கணக்கைப் பார்த்தால், நடு எண் 22,000, இந்தியர் 94 சதவீதம், கேட்பது 18,000 ரூபாய். தலைக்குத் தொண்ணூறு பைசாகூட இல்லை.

எந்தக் கணக்கைத் தேர்ந்தாலும், வீடியோ காலில் கண்ட எண்களைத் தேதியோடு ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்துவிடுவது நல்லது. ரீல் வெளியான ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் இன்சைட்ஸைத் திரையில் காட்ட வேண்டும், ஒப்பந்த காலத்தில் ஃபாலோயரோ லைக்கோ வாங்கக் கூடாது, ரீல் சென்றடைந்த எண்ணிக்கை பேசிய அளவில் பாதிக்குக் கீழே போனால் மீதிப் பணத்துக்குப் பதில் இன்னொரு ரீல் போட்டுத்தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். ஒழுங்காகக் கணக்கு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இதற்குச் சம்மதிப்பார்கள். திரையைக் காட்டவே மறுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்காமல் விலகிக்கொள்ளலாம்.