கடன் கொப்பியை ஆள்வாரியாகப் பிரித்தல்

அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊரொன்றில் நாற்பது வருடத்துக்கு மேலாகச் சில்லறைக் கடை வைத்திருந்த ஒருவர் மௌத்தானார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பெரிய சீ.ஆர். கொப்பிகளைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்கள். யார் யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், எவ்வளவு திருப்பித் தந்தார்கள், கடைசியில் என்ன மிச்சம் என்பதை ஆள்வாரியாக எடுத்துத் தரவேண்டும் என்றார்கள். சொத்துப் பிரிப்பதற்கு முன் வஸிய்யத்தும் கடனும் தீர்க்கப்பட வேண்டும் என்பது சூரத்துன் நிஸாவின் கட்டளை. மர்ஹூமுக்கு வரவேண்டியது எவ்வளவு என்று தெரியாமல் வாரிசுகளால் பங்கு பிரிக்க முடியாது. அவர் யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால் அது அதைவிடப் பாரமான விஷயம். பிந்தியது இந்தக் கொப்பிக்குள் இருக்கும் என்று அப்போது பிள்ளைகள் யாரும் நினைக்கவில்லை.

முதல் வேலை படம் எடுப்பது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் பக்க எண் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், கையடக்கத் தொலைபேசியை நேர் மேலே பிடித்து எடுத்தோம். படத்தின் பெயரும் பக்க எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நாளைக்கு ஒருவர் வந்து “நான் இதை வாங்கலியே” என்று சொன்னால், அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உடனே திறந்து காட்ட வேண்டியிருக்கும். தட்டச்சுச் செய்ததைக் காட்டி யாரிடமும் கடன் கேட்க முடியாது.

பிறகு எக்ஸெல் அட்டவணை. கொப்பியின் ஒரு வரிக்கு அட்டவணையில் ஒரு வரி என்பதுதான் விதி. எட்டு நிரல்கள் வைத்தோம்: பக்கம், வரி, திகதி, எழுதியபடி பெயர், ஆள் எண், வகை, தொகை, குறிப்பு. வகையில் மூன்று எழுத்துகள் மட்டும் வரலாம். சாமான் கடனாகப் போனால் ‘ப’, அதாவது பற்று. காசு வந்தால் ‘வ’, வரவு. பக்கத்தின் தலைப்பிலோ அடியிலோ முதலாளி எழுதி வைத்த மீதி என்றால் ‘மீ’.

இந்த மூன்றாவது எழுத்தை விட்டுவிட்டால்தான் வேலை கெடும். ஒரு பக்கம் நிரம்பியதும் முதலாளி “மீதி 3,225/=” என்று எழுதுவார். அடுத்த பக்கத்தின் தலைப்பில் “மு.மீதி 3,225/=” என்று மறுபடி எழுதுவார். அது புதிய கடன் அல்ல, பழைய கடன் இடம் மாறியது. அதையும் பற்றாகப் பதிந்தால் ஒரே கடன் பக்கத்துக்குப் பக்கம் இரட்டிக்கும். ஆகவே ‘மீ’ என்று போட்ட வரிகளைக் கூட்டலில் சேர்ப்பதே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வோம். இதற்கு விலக்கு ஒன்றுதான்: இப்போது கைவசமில்லாத பழைய கொப்பியிலிருந்து வந்த முதல் மீதி. அதை ஒரு தடவை மட்டும் பற்றாகப் பதிந்து, குறிப்பில் ‘முன்கொப்பி’ என்று எழுத வேண்டும். 14ஆம் எண் ஆளின் நிலுவையை அறியும் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=SUMIFS(G:G,E:E,14,F:F,"ப")-SUMIFS(G:G,E:E,14,F:F,"வ")
```

இனி எழுத்தை வாசிப்பது. பக்கத்தின் நெற்றியில் 786 என்று இருக்கும். அது பிஸ்மில் என்று நமக்குத் தெரியும். ஆனால் கூலிக்குத் தட்டச்சுச் செய்யும் வேற்றாள் ஒருவர் அதைத் தொகையென்று எடுத்துவிடக்கூடும். பழைய பாணியில் 12/50 என்றால் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம். சாய்கோடு சற்று நேராக விழுந்திருந்தால் 12150 போலத் தெரியும். “மேற்படி” என்று எழுதியிருந்தால் மேலே உள்ள சாமானா, மேலே உள்ள தொகையா, இரண்டுமா என்று பார்க்க வேண்டும். இவரோ சாமானுக்கு மட்டுமே மேற்படி போட்டிருக்கிறார், தொகையை எப்போதும் தனியாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு பழக்கம் உண்டு. முதல் இருபது பக்கங்களைத் தட்டச்சுச் செய்யாமல் சும்மா வாசித்தால் அந்தப் பழக்கம் பிடிபடும்.

வெட்டிய வரிகளும் அப்படித்தான். எழுதிய அதே மையால் வெட்டியிருந்தால், எழுதும்போதே பிழைத்துப்போய் வெட்டியது என்று கொள்ளலாம். வேறு மையால் வெட்டியிருந்தால், பின்னொரு நாள் காசு வந்து வெட்டியது. இரண்டாவது வகைக்கு வரவு என்று தனியாக எழுதியிருக்க மாட்டார். நாம்தான் ஒரு வரவு வரி சேர்த்து, ‘வெட்டிலிருந்து’ என்று குறிப்பிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் கொடுத்த கடனை மறுபடி கேட்டவர்களாவோம்.

போடிமார் சிலர் வெள்ளாமை வெட்டியதும் நெல்லாகத் தந்திருக்கிறார்கள். “வ நெல் 2 மூடை” என்று இருக்கும், தொகை இருக்காது. அதற்கு இன்றைய விலையைப் போடக் கூடாது. அதற்கு முன்னே எழுதிய மீதி 18,600, பின்னே எழுதிய மீதி 12,200, இடையில் வேறு வரி இல்லை என்றால், இரண்டு மூடையையும் முதலாளி 6,400 ரூபாவுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார். அந்த 6,400தான் வரவு. அப்படிக் கணிக்க வழியில்லாத இடத்தில் தொகையை வெறுமையாக விட்டு, சம்பந்தப்பட்டவரிடம் கேட்க வேண்டும்.

எனக்கு ஆகக் கூடிய நேரம் எடுத்தது ஆள் எண் போடும் வேலைதான். நமது ஊர்க் கொப்பிகளில் முழுப்பெயர் அபூர்வம். கிணத்தடி ராத்தா, ஓடாவியார், றைவர், மையவாடி ரோட்டு மாமி என்றுதான் இருக்கும். இதில் ‘மாமி’ யாருடைய மாமி? கொப்பியில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. காலையில் வாப்பா எழுதியிருக்கிறார், அஸருக்குப் பிறகு மூத்த மகன் எழுதியிருக்கிறார். வாப்பா எழுதிய ‘மச்சி’யும் மகன் எழுதிய ‘சாச்சி’யும் ஒரே ஆள். வாப்பாவின் கையில் ‘மாமி’ என்றால் அவருடைய பெண்சாதியின் உம்மா, மகனின் கையில் ‘மாமி’ என்றால் வாப்பாவின் தங்கை. ஆகவே பெயரை வைத்து மட்டும் எக்ஸெல்லில் வரிசைப்படுத்தினால் இரண்டு பேர் ஒன்றாவார்கள், ஒருவர் இரண்டாவார். அதற்காகத்தான் எழுதியபடி பெயரை ஒரு நிரலில் மாற்றாமல் வைத்து, ஆள் எண்ணை வேறு நிரலில் போட்டோம். அந்த எண்ணையும் மூத்த மகனும் அவருடைய உம்மாவும் சேர்ந்திருந்தே முடிவு செய்தார்கள். தெரியாத பெயருக்கு 900இலிருந்து எண் கொடுத்தோம். ஊகித்து யார் தலையிலும் கட்டவில்லை.

இனி ஒரு கணக்கு. கிணத்தடி ராத்தாவின் எண் 14. அவருடைய கணக்கு 41ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. முன்கொப்பி மீதி 3,420. அந்தப் பக்கத்தில் நாலு பற்றுகள்: 1,180, 940, 460, 725. கூட்டினால் 3,305. வரவு இரண்டு: 2,000, 1,500. ஆகவே 3,420உடன் 3,305ஐக் கூட்டி 3,500ஐக் கழித்தால் 3,225. முதலாளியும் அடியில் 3,225 என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் பேரன் தட்டச்சுச் செய்தபோது முதலில் வந்தது 3,405. வித்தியாசம் 180. அது ஒன்பதால் மிச்சமின்றி வகுபடுகிறது. இப்படி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருக்குமோ என்றுதான் முதலில் தேட வேண்டும். பார்த்தால் 460ஐ 640 என்று அடித்திருந்தார்.

அடுத்த பக்கத்தில்தான் விஷயம் வந்தது. 42ஆம் பக்கத்தின் தலைப்பில் “மு.மீதி 3,525/=” என்று இருந்தது. 3,225 என்று வரவேண்டியது. வித்தியாசம் 300, ஒன்பதால் வகுபடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம், இலக்கம் தெளிவாக ஐந்துதான். ஒரு மூடிய பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு எடுத்தெழுதும்போது முதலாளியின் கை வழுக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு எல்லா மீதியிலும் அந்த 300 ஒட்டிக்கொண்டே வந்தது. கடைசியாக 67ஆம் பக்கத்தில் ராத்தா முழுக் கணக்கையும் கொடுத்து முடித்திருக்கிறார், “தீர்ந்தது” என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறது. கொப்பியின்படி நிலுவை பூச்சியம். மேலே சொன்ன சூத்திரத்தின்படி -300. அதாவது கடைதான் அவருக்கு 300 ரூபா கொடுக்க வேண்டும்.

இதை எப்படி எழுதுவது? 3,525ஐத் திருத்தக் கூடாது, அது முதலாளி எழுதியது. ‘மீ’ வரியில் அப்படியே இருக்கட்டும். குறிப்பில் “பக். 41இல் 3,225, எடுத்தெழுதியதில் 300 கூடுதல்” என்று பதிந்து வாரிசுகளிடம் சொன்னோம். முடிவு அவர்களுடையது. உம்மா உடனே, “அத மொதல்ல குடுத்துட்டு வாங்க, மத்தக் கணக்கெல்லாம் பொறகு” என்றார். மகன் கொண்டுபோனபோது ராத்தா, “வேணா மவன், எத்தின நோம்புக்கு எழுதாம சாமான் தந்த மனிசன்” என்று சொல்லிவிட்டு, தான் மன்னித்துவிட்டதாக இரண்டு பேர் முன்னிலையில் சொன்னாராம். அந்த வரிக்குக் கீழே ‘ப 300, விட்டுக்கொடுத்தது’ என்று திகதியுடன் ஒரு வரி சேர்ந்தது. மன்னித்தாலும் அது கணக்கில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் நிலுவை என்றைக்கும் -300 என்றே நிற்கும்.

இப்படி எடுத்த கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல எழுத்தர் எழுத வேண்டும் என்று வருகிறது. கடைக் கொப்பி அதற்கு மறுபக்கம்: கடன் கொடுத்தவர் தானே எழுதியது. ஆகவே அதிலிருந்து வரும் நிலுவையைக் கோரிக்கை என்றுதான் சொல்லலாம், தீர்ப்பு என்று சொல்ல முடியாது. நல்ல வேளையாக வாடிக்கையாளர்கள் சிலரிடம் கடையில் கொடுத்த சின்னக் கொப்பி இருந்தது. றைவரின் சின்னக் கொப்பியில் உள்ள இரண்டு வரவுகள் பெரிய கொப்பியில் இல்லை, இரண்டும் மகனின் கையெழுத்து. அவசரத்தில் சின்னதில் எழுதிப் பெரியதில் ஏற்றாமல் விட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்துக்கொண்டோம், குறிப்பில் ‘சின்னக் கொப்பி’ என்று போட்டு அதன் பக்கத்தையும் படமெடுத்து வைத்தோம்.

முழு அட்டவணையை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். யார் வீட்டில் எந்த மாதம் மாவுக்கும் கடன் வாங்கினார்கள் என்பது குடும்பக் குழுமத்தில் சுற்ற வேண்டிய செய்தி அல்ல. ஆள் எண்ணை வடிகட்டி அவரவர் வரிகளை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டு, பக்க எண்களுடன், மகன் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒத்துக்கொண்டவர்கள் அடியில் கையொப்பம் வைக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் படத்தைக் காட்டுகிறார். 900க்கு மேற்பட்ட எண்களில் இன்னும் ஏழு பேர் மிச்சம். அவர்களின் நிலுவையைப் பங்கில் சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறார்கள்.