வீட்டுக்காரரிடம் ஓட்டைக்கு அனுமதி கேட்பது

வெம்பக்கோட்டையில் நான் குடியிருப்பது ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நான். வந்த முதல் வாரமே ஃபைபர் இணைப்புக்குச் சொல்லி வைத்துவிட்டு, கேபிள்காரர் வருவதற்கு முந்தின நாள் இரவு படியிறங்கிப் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு நெட் கனெக்‌ஷன் குடுக்க வர்றாங்க. செவுத்துல ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கிடலாமா?"

"ஓட்டையெல்லாம் வேணாம் தம்பி" என்று அவர் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ரெண்டு மாதம் கழித்து, கோடையில் ஏசி வைப்பதைப் பற்றிப் பேசப் போனபோதுதான் அந்த 'வேணாம்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. என் படுக்கையறையின் கிழக்குச் சுவரில், பீரோவுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய திட்டைக் காட்டினார். எனக்கு முன்னால் இருந்தவர் கேபிள் இழுக்கப் போட்ட ஓட்டை அது. வெளியே நின்று துளைத்திருக்கிறார்கள். துளை உள்பக்கமாகச் சரிந்திருந்தது. உள்ளே பூச்சு ஒரு கையகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் வந்து, பெயிண்ட் கொப்பளித்து, சுவர் உப்புப் பூத்துவிட்டது. குடியிருந்தவர் காலி செய்து போய்விட்டார். கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் கூலி கொடுத்தது இவர்.

அவர் பயந்தது ஓட்டைக்கு இல்லை, தண்ணீருக்கு. நான் 'சின்ன ஓட்டை' என்று கேட்டது அவர் கவலைக்குப் பதிலே இல்லை. எங்கே, எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் சரிவு, காலி செய்யும்போது யார் அடைப்பது என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

அதன் பிறகு கேபிள் விஷயத்தைத் திரும்பப் படித்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிள் மெல்லிசானது, ஷூ லேஸ் தடிமன்தான். அதன் முனையில் மாட்டும் கனெக்டர்தான் அகலம். கனெக்டரை முன்கூட்டியே மாட்டிக்கொண்டு வந்தால் பெரிய ஓட்டை வேண்டும். வெறும் கேபிளை இழுத்து உள்ளே வைத்து முனையைப் பொருத்தினால் 8 அல்லது 10 மில்லிமீட்டர் துளையே போதும். இதை வேலைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கையில் மாட்டியிருக்கும் பிட் எதுவோ அதுதான் நம் சுவருக்கு.

அதைவிட முக்கியம் திசை. அறைக்குள் நின்று, துளைக்கருவியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வெளிப்பக்கம் தாழ்வாக இருக்கும்படி துளைக்க வேண்டும். கடைசி ஒரு அங்குலத்தில் ஹேமர் அடியை நிறுத்தி மெதுவாகப் போனால் வெளிப்பூச்சு பெயராது. வெளியே கேபிளை நேராகத் துளைக்குள் விடாமல், துளைக்குக் கீழே ஒரு தொங்கல் வளைவு விட்டு மேலேற்ற வேண்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பிறகு துளையைச் சிலிக்கான் வைத்து அடைக்கலாம். சரிவும் வளைவும் சரியாக இருந்தால், சிலிக்கான் காய்ந்து விரிசல் விட்டாலும் தண்ணீர் உள்ளே வராது. தூணிலும் பீமிலும் ஜன்னலுக்கு மேல் உள்ள லிண்டலிலும் கை வைக்கக் கூடாது. சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்கக் கூடாது, வயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

கடைசியில் எனக்குப் புது ஓட்டையே தேவைப்படவில்லை. பீரோவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய பாவப்பட்ட ஓட்டையையே சரிவு மாற்றித் துளைத்து, பூச்சையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உடனே சரி என்றார். தன் சுவரில் கிடந்த ஒரு நோவு தீருகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஏசி அப்படிச் சுலபமாக முடியவில்லை. அதில் தண்ணீரோடு எடையும் மின்சாரமும் சேர்ந்து வருகின்றன.

ஸ்பிளிட் ஏசிக்குச் சுவரில் வேண்டிய துளை சுமார் ரெண்டரை அங்குலம். ரெண்டு செம்புக் குழாய், வயர், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒரே கட்டாக அதன் வழியே போகும். இதைச் சுத்தியல் உளி வைத்து உடைக்க விடாமல், கோர் கட்டர் வைத்து வெட்டச் சொல்ல வேண்டும். வட்டம் சுத்தமாக வரும், பின்னாளில் அடைப்பதும் எளிது. இந்தத் துளையும் வெளிப்பக்கம் சரிய வேண்டும். உள்யூனிட்டில் சேரும் தண்ணீர் தானாக இறங்கித்தான் வெளியேறும், அதைத் தள்ளப் பம்பு கிடையாது. சரிவு தப்பினால் ஏசிக்குக் கீழே சுவரில் கோடு கோடாக ஈரம் இறங்கும். பலரும் அதை கேஸ் லீக் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

வெளியூனிட்டை ஜன்னல் சன்ஷேடு மேல் உட்கார வைக்கலாம் என்றார் ஏசிக்காரர். வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது, அது நியாயமும்கூட. சன்ஷேடு என்பது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தட்டு. வெயிலையும் மழையையும் தடுக்கப் போட்டது, முப்பது கிலோ அதிர்ந்துகொண்டே உட்காருவதற்குப் போட்டதில்லை. மொட்டைமாடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்து, காலுக்கடியில் ரப்பர் கட்டை போட்டு வைப்பதாக முடிவானது. தளத்தில் போல்ட் அடிக்கக் கூடாது என்பதை நானே முதலில் சொன்னேன். தட்டோடு பதித்த தளத்தில் ஒரு துளை விழுந்தால் அடுத்த மழைக்குக் கூரை ஒழுகும். தண்ணீர்க் குழாயை மட்டும் மேலே கொண்டுபோக முடியாது. அது தனியாகக் கீழிறங்கிக் குளியலறைக் கழிவுக் குழாயில் சேர வேண்டும். இதைச் சொல்ல மறந்தால் கீழ்வீட்டு வாசலில் கோடை முழுக்கச் சொட்டும். சண்டைக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "எர்த் நல்லா இருக்கா?" முப்பது வருசம் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவர். மருந்து அறைக்குள் நுழையும் முன் கை வைத்துவிட்டுப் போக வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும், உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணில் இறங்கும். எர்த் என்ற சொல்லை அவர் அளவுக்கு மரியாதையாக உச்சரிப்பவரை நான் பார்த்ததில்லை. எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்த்தோம். குழி காய்ந்து கிடந்தது. கரிசல் மண் கோடையில் வெடித்துப் பிளந்துவிடுவதால், கம்பியைச் சுற்றி மண்ணின் பிடிப்பு விட்டுப் போயிருந்தது. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தோம். மீட்டர் பலகையிலிருந்து ஏசிக்குத் தனி வயர், தனி எம்சிபி. ஏற்கெனவே இருந்த பிளக்கில் மாட்டினால் ஓடும்தான். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் சுடும். அப்படிச் சுட்டால் வயர் பத்தவில்லை என்று அர்த்தம்.

இத்தனையும் ஒத்துக்கொண்டவர் கரண்டு பில்லில் வந்து நின்றார். எங்கள் ரெண்டு வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு, எனக்கு ஒரு சப்மீட்டர். யூனிட்டுக்கு 6 ரூபாய் வீதம் அவரிடம் கொடுத்து வந்தேன். "நான் ஓட்டுற யூனிட்டுக்கு நான் குடுக்கப் போறேன், இவருக்கு என்ன நட்டம்?" என்றுதான் நானும் நினைத்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தப்பு என்னுடையது என்று தெரிந்தது.

2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்தே காட்டுகிறேன் (அதன் பிறகு விலை ஏறியிருக்கிறது, கணக்கின் போக்கு அதேதான்). ரெண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.25 சலுகையே போய்விடும். 101லிருந்து 400 வரை எல்லாம் 4.50, 500 வரை 6, அதற்கு மேல் 600 வரை 8, 800 வரை 9.

அவர் வீடு 300 யூனிட், என் வீடு 180. ரெண்டும் சேர்ந்து 480. பில் 1,605 ரூபாய். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரிக்கு 5 யூனிட் என்று வைத்தால் ரெண்டு மாதத்துக்கு 300. மொத்தம் 780 யூனிட், பில் 4,370. கூடியது 2,765 ரூபாய். என் கணக்குப்படி 300 யூனிட்டுக்கு நான் கொடுக்கப்போவது 1,800. மிச்சம் 965 ரூபாய் அவர் கையிலிருந்து போகும், அதுவும் ஏசி என் அறையில் ஓட!

ஆகவே யூனிட் விலையை விட்டுவிட்டோம். ஏசிக்கு இன்னொரு சிறு மீட்டர் வைத்தோம். பில் வந்ததும் ஏசி யூனிட்டைக் கழித்து ஒரு பில் போட்டுப் பார்ப்போம், அதற்கும் உண்மையான பில்லுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க என் பொறுப்பு. இணைப்பு அவர் பெயரில் இருப்பதால் மின்பளு கூட்டும் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டார், செலவு நான் கொடுத்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை இது பொருந்தும். குடியிருப்பவர் கட்டடத்துக்குச் சேதம் செய்யக் கூடாது, உரிமையாளர் சம்மதமில்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது. தான் பொருத்திய பொருளைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ரெண்டு நிபந்தனை. வீடு தன் வசம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், சாவி கொடுத்த பிறகு முடியாது. வாங்கியபோது இருந்த நிலையில் வீட்டைத் திருப்பித் தர வேண்டும். அதாவது ஏசி என்னுடையது, ஓட்டையை அடைக்கும் வேலையும் என்னுடையது. ஏசி வைக்க அனுமதி தந்தே ஆக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. மாத வாடகைக்கு இருப்பவரை, அதே சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, 15 நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லவும் முடியும். சட்டத்தைக் காட்டிப் பேசப் போனால் வாடகைக்காரர் பக்கம் கனம் குறைவு.

அமெரிக்காவில் வாடகை வீட்டுப் பால்கனியில் சொந்த டிஷ் வைக்கும் உரிமையை அவர்கள் தொலைத்தொடர்பு ஆணையமே காப்பாற்றுகிறது. அங்கேகூட வெளிச்சுவரைத் துளைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் தடுக்கலாம். துளை என்றால் எங்கேயும் வீட்டுக்காரர் வார்த்தைதான் போலிருக்கிறது.

எங்களுக்குள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டது இவ்வளவுதான்: "மாடி வீட்டுக் கிழக்கு அறையில் ஒரு ஏசி வைக்கச் சம்மதம். சுவரில் ரெண்டரை அங்குலத் துளை ஒன்று, உள்யூனிட் தகடுக்கான திருகுத் துளைகள். மொட்டைமாடித் தளத்தில் துளை இல்லை. ஏசி குடியிருப்பவருடையது. காலி செய்யும் முன் கழற்றி, துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்து, அந்தச் சுவர் முழுவதும் பெயிண்ட் அடித்துத் தர வேண்டும். தவறினால் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். ஏசியால் கூடும் கரண்டு பில் குடியிருப்பவர் பொறுப்பு." தேதி, ரெண்டு கையெழுத்து. துளை போடும் முன்பும் பின்பும் சுவரைப் படம் பிடித்து அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி வைத்தேன். 'அந்தச் சுவர் முழுவதும்' என்பது அவர் சேர்த்த வரி. திட்டுத் திட்டாகப் பெயிண்ட் அடித்தால் நிறம் சேராது என்பது அவருக்குப் பழைய ஓட்டை சொல்லிக்கொடுத்தது.

துளை போட்ட அன்று அவரே மேலே வந்து நின்றார். கோர் கட்டர் வெளியே வந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைத் துளைக்குள் ஊற்றச் சொன்னார். தண்ணீர் வெளிப்பக்கம் ஓடியது. "ம், சரி, மாட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.